நிமிட விலைகளுக்கு ஏற்ற கோப்பு

இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில் வழக்கமான வணிகம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை. ஒரு பங்கின் தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு, கைமாறிய எண்ணிக்கை ஆகியவற்றை நிமிடத்துக்கு ஒரு ‘பார்’ எனக் குறித்தால் நாளுக்கு 375 வரிகள். ஆண்டுக்கு 250 நாட்கள், 50 பங்குகள் என்றால் ஏறத்தாழ 47 லட்சம் வரிகள்.

சிஎஸ்வி கோப்பில் இவை வெறும் எழுத்துகள். திறக்கும் ஒவ்வொரு முறையும் கணினி அவற்றை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றியாக வேண்டும். முடிவு விலை மட்டும் போதும் என்றாலும் கோப்பு முழுவதையும் படிக்காமல் வழியில்லை.

2013-இல் வெளிவந்த பார்க்கே வடிவம் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே சேர்த்து வைக்கிறது. அது எண்ணா, தேதியா என்பதும் கோப்பிலேயே பதிவாகிவிடும். அதனால் வேண்டிய பத்திகளை மட்டும் எடுக்கலாம்:

```python
df = pd.read_parquet("bars_2024.parquet",
                     columns=["time", "close"])
```

அடுத்தடுத்த நிமிடங்களின் விலைகள் நெருக்கமானவை என்பதால் ஒரே பத்தியில் அவை நன்றாகச் சுருங்கவும் செய்கின்றன.

ஆனால் பார்க்கே கோப்பின் விவரக்குறிப்பு அதன் கடைசியில் இருக்கிறது. சிஎஸ்வியில் போல நிமிடத்துக்கு ஒரு வரியைக் கீழே ஒட்ட முடியாது. ஆகவே அன்றைய வரிகளைச் சிஎஸ்வியில் சேர்த்து, சந்தை முடிந்தபின் மாற்றுவதே நல்லது. அப்போதும் பங்குக்கும் நாளுக்கும் ஒரு கோப்பு என்று விட்டால் ஆண்டில் 12,500 கோப்புகள் குவியும். அவற்றைத் திறப்பதிலேயே மிச்சப்படுத்திய நேரம் போய்விடும். மாதக் கடைசியில் அவற்றை ஒன்றாக்கி, நேர வரிசையில் அடுக்கி எழுத வேண்டும்.