கடன் வரம்பை யார் காப்பது: டேட்டாபேஸா, செயலியா?

வியாபாரத்துக்கான மென்பொருளில் பொதுவாக இரண்டு அடுக்குகள் உண்டு. பில், பாக்கி, சரக்கு இருப்பு ஆகியவை அட்டவணைகளாகச் சேமிக்கப்படும் இடம் டேட்டாபேஸ். திரையில் தட்டியதை வாங்கிக் கணக்குப் போட்டு, டேட்டாபேஸில் எழுதச் சொல்வது செயலியின் நிரல். பெரும்பாலும் அது ஒரு சர்வரில் ஓடும். டேட்டாபேஸுக்குள்ளும் சிறு நிரல்களை எழுதிப் பெயரிட்டு வைத்து, தேவைப்படும்போது கூப்பிடலாம். இவற்றுக்கு ஸ்டோர்டு புரொசீஜர் என்று பெயர். ‘வரம்புக்கு மேல் கடன் கிடையாது’ போன்ற வணிக விதிகளை இவற்றில் எங்கே எழுதுவது என்பது, இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள குழு தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

1990களில் இதற்கான விடை எளிதாக இருந்தது. ஒவ்வொரு மேசைக் கணினியிலும் ஒரு புரோகிராம் இருக்கும். அது நேரே டேட்டாபேஸோடு பேசும். விதியைப் புரோகிராமில் எழுதினால், அது மாறும்போதெல்லாம் எல்லாக் கணினிகளிலும் மாற்ற வேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஒரே இடம் டேட்டாபேஸ்தான் என்பதால் புரொசீஜர்கள் பெருகின. இப்போது கவுன்டர் கணினியும் சேல்ஸ்மேனின் கைபேசியும் நடுவிலுள்ள சர்வர் வழியாகவே டேட்டாபேஸை அடைகின்றன. பொதுவான இடம் இரண்டாகிவிட்டதால்தான் கேள்வியே எழுகிறது.

மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மென்பொருளைப் பார்த்துக்கொள்வது மூன்று பேர். ஒரு சில்லறைக் கடைக்காரரின் கடன் வரம்பு 50,000 ரூபாய்; இன்றைய பாக்கி 42,000. கவுன்டரில் அவர் பெயருக்கு 6,000 ரூபாய்க்கு ஒரு பில் போடப்படுகிறது. அதே நொடியில், வெளியில் ஆர்டர் எடுக்கும் சேல்ஸ்மேனும் அவருக்கே இன்னொரு 6,000 ரூபாய் பில்லை அனுப்புகிறார்.

செயலி பாக்கியை முதலில் படித்து, வரம்போடு ஒப்பிட்டு, பிறகு எழுதுவதாக இருந்தால் இரண்டு பில்களும் 42,000 என்றே படிக்கும். இரண்டுக்கும் 48,000 வரம்புக்குள் இருப்பதாகத் தெரியும். இரண்டும் பதிவாகிப் பாக்கி 54,000 ஆகிவிடும். படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நிலவரம் மாறிவிட்டதுதான் தவறு. ஒருவரே உட்கார்ந்து சோதிக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது. கூட்டமான நாளில் எப்போதாவது நடக்கும். ஒவ்வொரு பில்லும் தனித்தனியே சரியாக இருந்தும் பாக்கி வரம்பைத் தாண்டியிருந்தால், இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இதைக் கண்டதும் ‘விதியைப் புரொசீஜருக்குள் கொண்டுபோய்விடலாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதே படி–ஒப்பிடு–எழுது வரிசையைப் பூட்டு எதுவும் போடாமல் புரொசீஜருக்குள் எழுதினாலும், வழக்கமான அமைப்பில் அதே பிழை வரும். சோதனையையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக்குவதுதான் தீர்வு:

```sql
UPDATE customer
SET balance = balance + 6000
WHERE id = 17
  AND balance + 6000 <= credit_limit;
```

முதல் கட்டளை அந்த வரியைப் பூட்டிக்கொள்கிறது. இரண்டாவது கட்டளை அது முடியும்வரை காத்திருந்து, புதிய பாக்கியான 48,000ஐ வைத்து நிபந்தனையை மறுபடி சோதிக்கிறது. 54,000 வரம்பைத் தாண்டுவதால் எந்த வரியும் மாறாது. ‘மாறிய வரிகள் 0’ என்ற பதில் வந்ததும் செயலி அந்தப் பில்லை நிறுத்தி, பாக்கி நிலவரத்தைத் திரையில் காட்டலாம். பில்லைப் பதிவதும் இந்தக் கட்டளையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் பில் பதிவு பாதியில் தோற்றால் பாக்கியும் பழைய நிலைக்குத் திரும்பும். இந்தக் கட்டளையைச் செயலியிலிருந்தும் அனுப்பலாம், புரொசீஜரிலிருந்தும் ஓட்டலாம், பாதுகாப்பு ஒன்றுதான்.

வேகத்தைக் காட்டிச் சொல்லப்படும் வாதமும் இப்படித்தான். 40,000 பில்களுக்கு வட்டி போட, செயலி ஒவ்வொன்றையும் தனியே படித்துத் தனியே எழுதினால் 80,000 முறை டேட்டாபேஸுக்குப் போய்வர வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மில்லி நொடி என்றாலும் 80 நொடி அதிலேயே கழியும். மொத்தத்தையும் ஒரே UPDATE ஆக எழுதினால் ஒரு தடவை போய்வந்தால் போதும். அதற்கும் புரொசீஜர் கட்டாயமில்லை.

ஆகவே இடத்தைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. முதலாவது, விதி எவ்வளவு அடிக்கடி மாறும் என்பது. பண்டிகைத் தள்ளுபடி வாரத்துக்கொரு முறை மாறலாம். முதலாளி ஒப்புக்கொண்டால் கடன் வரம்புக்கே விலக்கு கிடைக்கலாம். இப்படி மாறுபவை செயலியின் நிரலில் இருப்பதே வசதி. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது கிட்டில் பதிவாகிறது, தானியங்கிச் சோதனைகள் ஓடுகின்றன, தவறினால் முந்தைய பதிப்புக்குத் திரும்புவதும் சுலபம். புரொசீஜர்களுக்கும் இவற்றைச் செய்ய முடியும். ஆனால் தனி ஏற்பாடு வேண்டும். மூன்று பேரில் ஒருவருக்கு மட்டுமே புரொசீஜர் மொழி கைவந்திருந்தால், அவர் விடுப்பில் போகும் நாளில் வேலை நின்றுவிடும்.

இரண்டாவது, டேட்டாபேஸுக்கு எத்தனை வாசல்கள் என்பது. எல்லாமே ஒரு சர்வர் வழியாகத்தான் வருகிறது என்றால், அந்த வாசலில் காவல் போட்டால் போதும். வேறொரு நிறுவனத்தின் கணக்குப் புரோகிராமும் எக்செல் இணைப்பும் அதே அட்டவணைகளில் நேரே எழுதுமானால், செயலியில் உள்ள விதி அவற்றைத் தடுக்காது. அப்போது அட்டவணையில் நேரே எழுதும் உரிமையை நீக்கி, புரொசீஜரை ஓட்டும் உரிமையை மட்டும் கொடுப்பதே சரியான வழி.

எந்த நிலையிலும் விலக்கில்லாத உண்மைகள் சில உண்டு. பில் எண் இரண்டு முறை வரக் கூடாது. இல்லாத வாடிக்கையாளரின் பெயரில் பில் இருக்கக் கூடாது. விற்ற அளவு பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்க வேண்டும். இவற்றுக்குப் புரொசீஜரும் வேண்டாம், செயலியை மட்டும் நம்பவும் வேண்டாம். UNIQUE, FOREIGN KEY, CHECK என்று அட்டவணையிலேயே அறிவித்துவிட்டால், எந்த வாசல் வழியாக வந்தாலும் டேட்டாபேஸே மறுத்துவிடும்.

புரொசீஜர் வைப்பதென்றால் ஒரு ஒழுங்கு அவசியம். அவசரத்தில் ஒருவர் நேரே டேட்டாபேஸில் திருத்துவார். கிட்டில் பழைய வடிவமே இருக்கும். அடுத்த வெளியீட்டில் திருத்தம் அழிந்து, சரிசெய்த பிழை மறுபடி முளைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வடிவத்தையும் கிட்டில் உள்ளதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். போஸ்ட்கிரெஸில் `pg_get_functiondef` அதைக் காட்டும். மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: `mysqldump` கட்டளையில் `--routines` சேர்க்காவிட்டால் பேக்கப்பில் புரொசீஜர்கள் இருக்காது.

சிறு குழுவுக்கு ஏற்ற முடிவு இதுதான்: மாறாத உண்மைகள் அட்டவணைக் கட்டுப்பாடுகளாகவும், மாறும் விதிகள் சர்வர் நிரலிலும் இருக்கட்டும், போட்டி உள்ள இடங்களில் சோதனையும் எழுத்தும் ஒரே கட்டளையாகட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட புரோகிராம்கள் நேரே எழுதும்போது மட்டும் புரொசீஜர் எழுதினால் போதும்.