சிட்ரிக் அமிலச் சுழற்சி: எண்களில் ஒரு நினைவுப் படம்

சோறாக உண்டாலும் எண்ணெயாக உண்டாலும், உணவின் பெரும்பகுதி செல்லுக்குள் கடைசியில் அசிட்டைல் கோ-ஏ என்ற ஒரே வடிவத்துக்கு வந்து சேர்கிறது. இரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட அசிட்டைல் துண்டைக் கோ-என்சைம் ஏ சுமந்து வரும் வடிவம் அது. அந்த இரண்டு கார்பனும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எட்டுப் படிகள் கொண்ட ஒரு சுழற்சியில் நுழைகின்றன. கிரெப்ஸ் சுழற்சி என்றும் பெயர் பெற்ற இது உயிர்வேதியியல் மாணவர்களை மிரட்டுவது பெயர்களால்தான். முதலெழுத்துகளைக் கோத்து ஒரு வாக்கியமாக்கி மனப்பாடம் செய்யும் வழக்கம் உண்டு. அது பெயர்களைத் தருமே தவிர, கார்பன் டை ஆக்சைடு எந்தப் படியில் வெளியேறுகிறது, ஆற்றலைச் சுமக்கும் கடத்திகள் எங்கே நிரம்புகின்றன என்பதைச் சொல்லாது. கார்பன்களை எண்ணினால் இரண்டும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு படியின் முடிவிலும் கையில் இருக்கும் பொருளின் கார்பன் எண்ணிக்கையை வரிசையாக எழுதினால் கிடைப்பது இது:

6 – 6 – 5 – 4 – 4 – 4 – 4 – 4

எண் குறையும் இடத்தில்தான் கார்பன் டை ஆக்சைடு வெளியேற முடியும். ஆறிலிருந்து ஐந்தாகும் மூன்றாம் படியில் ஒன்று, ஐந்திலிருந்து நான்காகும் நான்காம் படியில் இன்னொன்று. வேறு எங்கும் இல்லை. இந்த வரியே படத்தின் முதுகெலும்பு. பெயர்களை இதன்மேல் மாட்டினால் போதும்.

முதல் படியில் நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோ அசிட்டேட், அசிட்டைல் துண்டோடு இணைந்து ஆறு கார்பன் கொண்ட சிட்ரேட் ஆகிறது. எலுமிச்சையின் புளிப்பும் இதே சிட்ரிக் அமிலம்தான். இரண்டாம் படியில் சிட்ரேட் ஐசோசிட்ரேட் ஆகிறது. எண்ணிக்கை மாறாததால் இது வீண் படிபோலத் தோன்றும். ஆனால் சிட்ரேட்டில் ஹைட்ராக்சில் தொகுதி அமர்ந்திருக்கும் கார்பனில் கழற்றுவதற்கு ஹைட்ரஜன் இல்லை. அந்தத் தொகுதியைப் பக்கத்துக் கார்பனுக்கு நகர்த்திய பிறகே ஹைட்ரஜனைக் கழற்ற முடியும். மூன்றாம் படியில் அதுதான் நடக்கிறது: ஹைட்ரஜன் கழன்று என்ஏடிஎச் உருவாகிறது, கூடவே ஒரு கார்பன் டை ஆக்சைடும் பிரிகிறது. மிஞ்சுவது ஐந்து கார்பன் கொண்ட ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்.

நான்காம் படியிலும் அதே ஜோடி: ஒரு கார்பன் டை ஆக்சைடு, ஒரு என்ஏடிஎச். விளைவது சக்சினைல் கோ-ஏ. இந்தப் படியின் நொதிக்கூட்டம் வைட்டமின் பி1 இன்றி வேலை செய்யாது. அந்த வைட்டமின் குறைந்து பெரிபெரி நோய் வரும்போது சுழற்சி தடுமாறுவதில் இந்தப் படிக்கும் பங்கு உண்டு.

இதோடு கார்பன் கணக்கு முடிந்தது. மீதி நான்கு படிகளும், நான்கு கார்பன் கொண்ட பொருளை மறுபடி ஆக்சலோ அசிட்டேட்டாக ஆக்கும் பழுதுபார்ப்பு வேலை. ஐந்தாம் படியில் கோ-ஏ கழன்று சக்சினேட் ஆகும்போது ஒரு ஜிடிபி மூலக்கூறு கிடைக்கிறது. சில திசுக்களில் அதற்குப் பதில் நேராக ஏடிபி. ஆறாம் படியில் சக்சினேட் ஃபியூமரேட் ஆகிறது, எஃப்ஏடிஎச்2 உருவாகிறது. ஏழில் நீர் சேர்ந்து மாலேட். எட்டில் மாலேட் ஆக்சலோ அசிட்டேட் ஆகும்போது மூன்றாவது என்ஏடிஎச்.

ஆறாம் படியில் மட்டும் கடத்தி மாறுவது ஏன் என்ற கேள்வி பலருக்கு எழும். அங்கே ஹைட்ரஜன் கழல்வது அடுத்தடுத்த இரண்டு கார்பன்களிலிருந்து. அதில் வெளிப்படும் ஆற்றல் என்ஏடியை நிரப்பப் போதாது, எஃப்ஏடிக்குப் போதும். மற்ற மூன்று இடங்களிலும் என்ஏடியே போதுமான ஏந்தி. ஆக, கடத்திகள் நிரம்பும் படிகள் 3, 4, 6, 8. ஒரு சுற்றுக்கு மூன்று என்ஏடிஎச், ஒரு எஃப்ஏடிஎச்2, ஒரு ஜிடிபி. இன்றைய கணக்கில் இவை ஏறத்தாழ 10 ஏடிபிக்குச் சமம். பழைய பாடநூல்களில் 12 என்று இருக்கும். கடத்தி ஒவ்வொன்றுக்கும் முழு எண்ணாக மதிப்புக் கொடுத்த காலத்தின் கணக்கு அது.

தேர்வுத்தாளில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. மூன்று கார்பன் கொண்ட பைருவேட், அசிட்டைல் கோ-ஏ ஆகும்போதும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் ஒரு என்ஏடிஎச்சும் வருகின்றன. அது சுழற்சிக்கு வெளியே, வாசற்படியில் நடப்பது. அதையும் சேர்த்து எண்ணுபவர்கள் ஒரு சுற்றுக்கு மூன்று கார்பன் டை ஆக்சைடு என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு குளுக்கோஸின் ஆறு கார்பன்களில் இரண்டு வாசலிலும் நான்கு சுழற்சியின் இரண்டு சுற்றுகளிலும் வெளியேறுகின்றன என்று பிரித்துவைத்தால் குழப்பம் வராது.

இன்னொரு பிழை நுட்பமானது. இரண்டு கார்பன் உள்ளே வந்தது, இரண்டு வெளியே போனது. ஆகவே வந்தவையே போயின என்று தோன்றும். அப்படி இல்லை. அசிட்டைல் துண்டின் கார்பன்களுக்கு ஐசோடோப்பால் அடையாளமிட்டு அனுப்பினால், முதல் சுற்றில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் அந்த அடையாளம் இருக்காது. வெளியேறுபவை ஆக்சலோ அசிட்டேட்டிலிருந்து வந்த பழைய கார்பன்கள். சிட்ரேட்டின் இரு முனைகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நொதி அவற்றைப் பிரித்தறிகிறது. அது எப்படி இயலும் என்பதை 1948-இல் ஆக்ஸ்டன் விளக்கினார். புதிதாக வந்தவற்றில் ஒரு கார்பன் இரண்டாம் சுற்றில் வெளியேறும். மெத்தில் கார்பன் அந்தச் சுற்றிலும் உள்ளேயே தங்கும்.

இந்தப் படம் உண்மையில் வட்டமா, நேர்க்கோடா என்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. 1937-இல் ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸும் வில்லியம் ஜான்சனும் புறாவின் மார்புத்தசையை அரைத்து இதை ஆராய்ந்தார்கள். சக்சினேட்டைப்போலவே தோற்றமளிக்கும் மலோனேட் என்ற பொருள் ஆறாம் படியின் நொதியில் புகுந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பு போட்ட பிறகு, அந்த அடைப்புக்கு அப்பால் உள்ள ஃபியூமரேட்டைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஃபியூமரேட் நேராகப் பின்னோக்கிச் சக்சினேட் ஆக முடியாது. வழியில் அடைப்பு இருக்கிறது. ஆனாலும் சக்சினேட் குவிந்தது. அது 7, 8 என்று முன்னேறி, புதிய எரிபொருளோடு சேர்ந்து 1 முதல் 5 வரை கடந்து, அடைப்பின் மறுபக்கம் வந்து நின்றிருக்கிறது. நினைவுப் படத்தில் விரல் வைத்துப் பார்த்தால் அந்த ஓட்டத்தின் கணக்கும் கிடைக்கும்: 8, 3, 4 ஆகிய படிகளில் மூன்று என்ஏடிஎச், 3, 4 ஆகியவற்றில் இரண்டு கார்பன் டை ஆக்சைடு, ஐந்தில் ஒரு ஜிடிபி, எஃப்ஏடிஎச்2 மட்டும் இல்லை.