வாரம் ஒருமுறை வரும் எடைக் கணக்கு

ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், உடலின் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில்கூட அது நடக்காது. ஆனாலும் மறுநாள் காலை எடை மெஷின் முக்கால் கிலோ கூட்டித்தான் காட்டும். ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். ஊறுகாயிலும் அப்பளத்திலும் போன உப்பு அதைப் பிடித்துவைக்கிறது. சோற்றிலிருந்து உடல் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்குகிறது.

இந்தத் தண்ணீர்க் கணக்கைப் பார்த்து மனம் உடைந்து, பாதியிலேயே உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிடுபவர்கள் உண்டு. ஆட்டோடெஸ்க் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர், இதற்கு ஒரு பொறியாளரின் தீர்வைத் தன் ‘தி ஹேக்கர்ஸ் டயட்’ நூலில் எழுதினார். எடையைத் தினமும் பார்க்கலாம். ஆனால் நம்ப வேண்டியது நகரும் சராசரியை. இன்று பல செல்போன் செயலிகள் செய்வதும் இதுதான்.

78 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். தினமும் காலையில், கழிப்பறை போய்வந்து, வெறும் வயிற்றில் எடை பார்க்கிறார். முதல் வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை: 78.4, 78.1, 78.9, 78.3, 78.0, 78.6, 78.2. அடுத்த வாரம்: 77.9, 78.0, 77.8, 77.6, 77.9, 78.7, 78.6. வெள்ளி இரவு விருந்து.

ஞாயிறுக்கு ஞாயிறு ஒப்பிட்டால் 400 கிராம் கூடியிருக்கிறது. ஏழு நாள் சராசரியோ 78.36-லிருந்து 78.07-க்கு இறங்கியிருக்கிறது. ஆகவே ஞாயிறு காலை செயலியிலிருந்து அவருக்கு வரவேண்டிய செய்தி இப்படி இருக்கும்: “இந்த வாரச் சராசரி 78.1 கிலோ. போன வாரத்தைவிட 300 கிராம் குறைவு.” அன்றைய 78.6 அதில் இடம்பெறாமல் இருப்பதே நல்லது.

சராசரியும் ஏமாற்றும். 78.4 என்பதை 87.4 என்று தவறாகப் பதிந்தால், அந்த ஒரு பிழையே வாரக் கணக்கில் கிட்டத்தட்ட 1.3 கிலோவைக் கூட்டிவிடும். அப்படிப்பட்ட எண்ணைச் செயலி திருப்பிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். மூன்று நாள் மட்டுமே எடை பார்த்த வாரத்துக்குச் சராசரி சொல்லாமல் விடுவது நேர்மை. மாதவிடாயை ஒட்டி உடலில் நீர் கோக்கும் பெண்களுக்கு ஏழு நாள் போதாது. போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். இன்னொன்று, சராசரி எப்போதும் சில நாள் பின்தங்கியே வரும்.

இந்தத் தாமதம் ஆபத்தாகும் இடமும் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறுவது, உடலில் நீர் தேங்குவதன் எச்சரிக்கை. அவர்கள் வாரச் செய்திக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றன்றைய எண்ணைப் பார்த்து, ஏறினால் உடனே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.