பி12 குறைந்தால் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் நேர்வது

வைட்டமின் பி12-ஐச் செடிகொடிகளும் தயாரிப்பதில்லை, விலங்குகளும் தயாரிப்பதில்லை. சில நுண்ணுயிரிகளால் மட்டுமே அதை உருவாக்க முடியும். ஆடுமாடுகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் தயாரிக்கும் பி12 அவற்றின் தசையிலும் ஈரலிலும் பாலிலும் சேர்கிறது. மனிதருக்கு அது இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால், தயிர் வழியாகவே வந்து சேர்கிறது. கீரை, பருப்பு, காய்கறி, தானியம் ஆகியவற்றில் அது இல்லை. பழைய சோற்றையோ புளித்த மாவையோ நம்பித் தேவையை ஈடுகட்டவும் முடியாது.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் பி12 போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டு பங்குதான் இது. ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பும் இருக்கும். எனவே வரவு நின்றுபோனாலும் குறை உடனே தெரியாது. உடல்நலம் கெடத் தொடங்கும்போது அதற்கான காரணம் பல ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருக்கும்.

உணவில் பி12 இருந்தால் மட்டும் போதாது, உடல் அதை உறிஞ்சவும் வேண்டும். இரைப்பை அமிலம் முதலில் அதை உணவுப் புரதத்திலிருந்து பிரிக்கிறது. பிறகு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு தனிப் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிணைப்போடு சென்றால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உள்ளே எடுக்கும். உடலின் எதிர்ப்பாற்றலே இரைப்பைச் சுவரைத் தாக்கும் நோயில் அந்தப் புரதம் சுரப்பது நின்றுவிடும். அப்படிப்பட்டவர் தினமும் மீனும் இறைச்சியும் சாப்பிட்டாலும் பி12 குறையும். இரைப்பையிலோ சிறுகுடலின் கடைசிப் பகுதியிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள், சர்க்கரை நோய்க்கு நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், முதியவர்கள் ஆகியோருக்கும் இந்த ஆபத்து உண்டு.

நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. மின்கம்பியின் மேலுறைபோல அது செய்தி சிதறாமல் விரைந்து செல்ல உதவுகிறது. இந்த உறை உருவாகவும் பழுதுபடாமல் இருக்கவும் பி12 தேவை. அது குறைந்தால் உறை வீங்கிப் பிரிந்து சிதையும். குறை நீடித்தால் உள்ளிருக்கும் இழையும் அழியும். தண்டுவடத்தில் இந்தச் சிதைவு பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பிடிக்கிறது. ஒன்று, கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வையும் அதிர்வு உணர்வையும் மூளைக்குக் கொண்டுசெல்லும் பின்பகுதி. மற்றொன்று, மூளையின் கட்டளையைக் கைகால்களுக்குக் கொண்டுவரும் பக்கவாட்டுப் பகுதி. இரண்டும் சேர்ந்து கெடும் இந்த நோயை ரசல், பேட்டன், காலியர் ஆகிய மூன்று ஆங்கிலேய மருத்துவர்கள் 1900-இல் விரிவாக விவரித்தனர்.

இது எப்படித் தொடங்கி வளர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். அறுபது வயதை நெருங்கும் ஒருவர். சைவ உணவு, காப்பியில் சேரும் பாலோடு சரி. சர்க்கரை நோய்க்குப் பத்து ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். முதலில் இரண்டு பாதங்களிலும் ஒரே நேரத்தில் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வருகின்றன. சர்க்கரையால் வந்த கால் எரிச்சல் என்று விட்டுவிடுகிறார். சில மாதங்களில் விரல் நுனிகளும் மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுகிறார். நடக்கும்போது செருப்பு கழன்றுபோவது தெரிவதில்லை. இருட்டில் கால் பின்னுகிறது. முகம் கழுவக் கண்ணை மூடினால் உடல் ஒரு பக்கம் சாய்கிறது. பாதம் இருக்கும் இடத்தைப் பின்தண்டு மூளைக்குச் சொல்லாததால் அதுவரை கண் அந்த வேலையைச் செய்துவந்தது. கண்ணை மூடியதும் அந்தத் துணையும் போய்விடுகிறது. பிறகு கால்கள் விறைத்துக் கனக்கின்றன. சிலருக்குச் சிறுநீரை அடக்குவதும் கடினமாகும்.

இவரைச் சோதிக்கும் மருத்துவர் அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்தால், அதிர்வு அவருக்குத் தெரியாது. உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் கீழே மடங்காமல் மேலே எழும்பும். சர்க்கரை நோய் பெரும்பாலும் கைகால்களில் ஓடும் நரம்புகளையே தாக்கும். பெருவிரல் மேலே எழுவதும் கால் விறைப்பதும் தண்டுவடமும் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டுகின்றன.

பி12 குறைந்தால் ரத்தசோகை வரும், சிவப்பணுக்கள் பெரிதாகும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ரத்தம் சரியாக இருக்கும்போதே நரம்பு கெடலாம். 1988-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பி12 குறைவால் நரம்பு அல்லது மனப் பாதிப்பு வந்த 141 பேரில் 40 பேருக்கு ரத்தசோகையோ சிவப்பணு வீக்கமோ இல்லை. ஃபோலிக் அமில மாத்திரையும் இந்தக் குறையை மறைத்துவிடும். அது ரத்தசோகையைச் சரியாக்கும், நரம்பைக் காப்பாற்றாது. ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாகத் தெரிய, தண்டுவடச் சிதைவு மட்டும் தொடரும்.

மூளையிலும் இதே பாதிப்பு உண்டு. கவனம் சிதறுவது, யோசனை மந்தமாவது, மறதி, எரிச்சல், மனச்சோர்வு எனத் தொடங்கும். சிலருக்கு ஆதாரமற்ற சந்தேகங்களும் இல்லாததைக் காண்பதும்கூட வரும். முதியவர்களிடம் இது மறதிநோய் போலவே தோன்றும். அதனால்தான் மறதிநோய்க்குக் காரணம் தேடும் மருத்துவர்கள் பி12 அளவையும் பார்க்கிறார்கள். குறைதான் காரணம் என்றால், தொடக்கத்திலேயே கண்டால் மீளலாம். அல்சைமர் போன்ற வேறு நோய் ஏற்கெனவே இருந்தால், பி12 கொடுப்பது அந்த நோயைத் திருப்பாது.

குழந்தைகளிடம் விளைவு இன்னும் கடுமை. 1962-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், பி12 குறைந்த தாய்மாரிடம் பால் குடித்துவந்த குழந்தைகளின் நிலையைப் பதிவுசெய்தனர். அவர்கள் சோர்ந்து, கற்ற அசைவுகளை இழந்து, தோல் கருத்து, தாமாக நடுங்கும் அசைவுகளுடன் இருந்தார்கள். தாயின் உடலில் இல்லாதது தாய்ப்பாலிலும் இல்லை.

ரத்தத்தில் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைவு எனக் கொள்கிறார்கள். அதற்குச் சற்று மேலே இருந்து அறிகுறிகளும் இருந்தால், மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் ஆகியவற்றின் அளவையும் பார்ப்பார்கள். பி12 போதாதபோது இவை உயரும். பரிசோதனைக்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டால் ரத்தத்தில் அளவு கூடிவிடும், உண்மை நிலை தெரியாமல் போகும்.

நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஊசியோடுதான் சிகிச்சை தொடங்கும். 1,000 மைக்ரோகிராம் அளவில் முதலில் அடுத்தடுத்தும், பிறகு இடைவெளி விட்டும் போடுவார்கள். ரத்தம் ஒரு வாரத்திலேயே தேறத் தொடங்கும். நரம்புக்கு மாதங்கள் ஆகும். தேறுவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் நடக்கும். உறிஞ்சும் திறனையே இழந்தவர்கள் ஊசியையோ அதிக அளவு மாத்திரையையோ வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.

முழுமையாகத் தேறுவார்களா என்பது எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. இழையே அழிந்துவிட்டால் எத்தனை ஊசி போட்டாலும் அது திரும்பாது. ஆகவே சைவ உணவுக்காரர்கள், மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், வயதானவர்கள், குடல் அறுவை சிகிச்சை ஆனவர்கள் ஆகியோருக்குப் பாதங்கள் மரத்தாலும், நடை தள்ளாடினாலும், மறதி கூடினாலும், வயதின் மேல் பழி போடாமல் மருத்துவரைப் பார்த்து பி12 அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.