மூன்று கிராம் குறைந்தால் இயந்திரத்தின் மேல் பழி போடலாமா?

மொத்த வியாபாரி ஒருவர் துவரம் பருப்பை 500 கிராம் பாக்கெட்டுகளாக ஒப்பந்தக்காரரிடம் அடைத்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை குறைகிறது என்று கடைகளில் முணுமுணுப்பு. ஒரு லோடில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 36 பாக்கெட்டுகளை உருவி நிறுக்கிறார். சராசரி 497 கிராம், திட்ட விலக்கம் 9 கிராம். இயந்திரம்தான் குறைவாகப் போடுகிறதா, அல்லது இந்த 36 பாக்கெட்டுகள் அப்படி வாய்த்துவிட்டனவா?

வியாபாரியின் சந்தேகம் "குறைகிறது" என்பது. ஆனால் இன்மைக் கருதுகோளாக அதை வைக்க முடியாது. குறைகிறது என்றால் எவ்வளவு? ஒரு கிராமா, ஐந்தா? கணக்குப் போட ஒரு திட்டமான எண் வேண்டும். ஆகவே "சராசரி 500 கிராம்தான்" என்பதே இன்மைக் கருதுகோள். நிறுவ நினைக்கும் "500-க்குக் குறைவு" மாற்றுக் கருதுகோளாகிறது.

இனிக் கணக்கு எளிது. 9-ஐ 36-இன் வர்க்கமூலமான 6-ஆல் வகுத்தால் திட்டப்பிழை 1.5 கிராம். 497 என்பது 500-க்கு இரண்டு திட்டப்பிழை கீழே. அதற்கான பி-மதிப்பு சுமார் 0.027.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "இயந்திரம் பழுது என்பது 97 சதவீதம் உறுதி" என்று இதைப் படிக்கக் கூடாது. இயந்திரம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அப்படிச் சரியாக இருந்தும் சராசரி 497 அல்லது அதற்கும் கீழே விழும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் சற்றுக் குறைவு. பி-மதிப்பு சொல்வது அவ்வளவே. வழக்கமான 0.05 எல்லைக்குள் வருவதால் இன்மைக் கருதுகோளை நிராகரிக்கிறோம். அந்த எல்லை இயற்கை விதி அல்ல. 1925-இல் வெளிவந்த ரொனால்ட் ஃபிஷரின் நூலால் பரவிய பழக்கம்.

"கூடவோ குறையவோ மாறியிருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் அதே பாக்கெட்டுகளுக்குப் பி-மதிப்பு 0.053 ஆகி, எல்லையைத் தாண்டிவிடும். அதனால்தான் எந்தக் கேள்வி என்பதைத் தராசைத் தொடும் முன்பே எழுதி வைக்க வேண்டும். விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றுவது கள்ள ஆட்டம்.

ஒப்பந்தக்காரரும் தன் பங்குக்கு 9 பாக்கெட்டுகளை நிறுத்து, அதே 497-ஐயும் அதே விலக்கத்தையும் பெறுகிறார் என்போம். திட்டப்பிழை இப்போது 3 கிராம், பி-மதிப்பு சுமார் 0.17. "எடை சரி என்று நிரூபணமாகிவிட்டது" என்பார். ஆகவில்லை. 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைக் கேட்டால் குட்டு உடையும்: ஏறக்குறைய 490 முதல் 504 கிராம் வரை. பத்துக் கிராம் குறைந்தாலும் இந்தச் சோதனையில் தப்பித்துவிடலாம். உண்மையிலேயே மூன்று கிராம் குறைந்தால், ஐந்தில் நான்கு தடவையாவது அதைப் பிடிக்க ஏறத்தாழ 60 பாக்கெட்டுகளை நிறுக்க வேண்டும்.