கேபிள் ரசீதில் இரண்டு வரிகள்

கருமத்தம்பட்டியின் தறிக்குடோன் சந்துகளில் இரண்டு வீடுகளைக் கற்பனை செய்வோம். ஒன்றில் சீரியலை விடாத அம்மிச்சி. இன்னொன்றில் இராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து கிரிக்கெட் பார்க்கும் தறிக்காரர். அம்மிச்சி மாதத்துக்கு சீரியல் சேனலுக்கு 25 ரூபாய் வரை தருவார், விளையாட்டுச் சேனலுக்கு 8. தறிக்காரருக்கு சீரியல் 10 ரூபாய்தான் பெறும், விளையாட்டு 22.

சேனல்களைத் தனித்தனியாக விற்றால் எவ்வளவு தேறும்? சீரியலுக்கு 10 ரூபாய் வைத்தால் இருவரும் வாங்குவார்கள், 20 கிடைக்கும். 25 வைத்தால் அம்மிச்சி மட்டும் வாங்குவார், ஆனால் 25 கிடைக்கும். விளையாட்டுக்கும் இதே கணக்குப்படி 22. மொத்தம் 47.

இரண்டையும் ஒரே பேக்காகக் கட்டிப் பாருங்கள். அம்மிச்சிக்கு அதன் மதிப்பு 33, தறிக்காரருக்கு 32. விலை 32 என்றால் இருவருமே வாங்குகிறார்கள், வசூல் 64. ஒருவர் தரத் தயாராக இருப்பதற்கும் உண்மையில் தருவதற்கும் இடையே மிஞ்சுவதுதான் நுகர்வோர் உபரி. இங்கே அம்மிச்சியிடம் மிஞ்சியது ஒரே ஒரு ரூபாய்! பேக் மலிவாகத் தெரிகிறது, ஆனால் அதுவரை எட்டாத பணத்தையும் அது எடுத்துவிடுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர், படங்களைக் கட்டுக்கட்டாக விற்பதை வைத்து 1963-இல் விளக்கியது இதைத்தான். ரசனை எதிரெதிராக இருக்கும்போது இது நன்றாகப் பலிக்கும். தறிக்காரரும் சீரியல் பிரியர் என்றால் பேக் கட்டுவதால் கூடுதலாக ஒன்றும் வராது.

பேக்கின் விலை ரசீதில் ஒரு வரி. இன்னொரு வரி, இணைப்புக்கான மாதக் கட்டணம். டிராயின் புதிய முறை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, முதல் 100 சேனல்களுக்கு உச்சவரம்பு 130 ரூபாய், வரி தனி. டிவியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது மாறாது. அதோடு கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. நுழைவுக்கு ஒன்று, வாங்குவதற்கு ஒன்று என்று பிரிப்பது இருபகுதிக் கட்டணம். சேனல் விலையைக் குறைவாக வைத்தால் பார்ப்பவரிடம் உபரி மிஞ்சும். அதை நுழைவுக் கட்டணத்தில் எடுத்துக்கொள்ளலாம். அளவு மீறினால் இணைப்பே போய்விடும். மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் மாற்றாக இருக்கிறதே.

பேக் தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று டிராய் விதித்த வரம்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018-இல் ரத்தானது. அது எனக்கு வருத்தமே. தள்ளுபடி பெரிதாகும்போது தனிச் சேனல் வாங்குவது வீண் செலவாகத் தோன்றும், தேர்வு பெயரளவில்தான் இருக்கும். இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பையும் 2024 ஜூலையில் டிராய் நீக்கிவிட்டது.

ஆனாலும் கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் உரிமை இருக்கிறது. வீட்டில் உண்மையில் பார்க்கும் சேனல்களை எழுதி, அவற்றின் தனி விலையைக் கூட்டிப் பாருங்கள். பேக்கின் விலையைவிடக் குறைவாக வந்தால் கேபிள்காரரிடம் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள்.