ஜெட் பைப்பின் வேகத்தைக் குறையுங்கள்

மூலம் இருப்பவர்களுக்கு மலம் கழித்தபின் தண்ணீரால் கழுவுவதே இதமானது. வீங்கிய மூலக்கட்டியின் மேல்தோல் மிக மெல்லியது. உலர்ந்த காகிதத்தால் நான்கைந்து முறை அழுத்தித் துடைத்தாலே உராய்ந்து கசியும். வாசனை போட்ட ஈரத்தாள்கள் சிலருக்கு அரிப்பையும் கூட்டும். ஆனால், தண்ணீர் நல்லது என்றால் வேகமான தண்ணீர் இன்னும் நல்லது என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கோப்பையோடு சேர்ந்து வரும் பிடேயில் வேகத்தையும் சூட்டையும் நாமே வைத்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீர் மெதுவாக, அகலமாகப் படும்போது ஆசனவாய்த் தசையின் இறுக்கம் குறைகிறது. சூடு உடல் வெப்பத்தை ஒட்டி இருந்தால் போதும். நம் வீடுகளில் உள்ள கை ஜெட்டில் இந்த வசதி கிடையாது. அதன் வேகம் மொட்டைமாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான்கு மாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் இருந்த ஒருவர் தரைத்தளத்துக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே இருந்தபோது தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தது. இப்போது பன்னிரண்டு மீட்டருக்கு மேல். அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே ஜெட்டை அதே பழக்கத்தில் முழுதாக அழுத்தினால் கட்டியில் எரிச்சலும் ரத்தமும் வரலாம். பிரஷர் பம்ப் உள்ள வீடுகளில் எந்தத் தளமானாலும் இதே கதைதான்.

ஜெட் குழாய் சுவரோடு சேரும் இடத்தில் இருக்கும் ஆங்கிள் காக்கைத் திருகிக் குறையுங்கள். ஒரு சாண் தூரத்தில் வைத்து, பிடியை முழுதாக அழுத்தி, உள்மணிக்கட்டில் பீய்ச்சிப் பாருங்கள். குத்துவதுபோல இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். மழைத் தூறல்போலப் பட்டால் சரி. வெயில்காலத்தில் இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்வது நல்லது. மாடியில் காய்ந்த குழாயிலிருந்து முதலில் வரும் தண்ணீர் சுடும்.

கழுவும்போது நீர் சாய்வாக, முன்னிருந்து பின்னோக்கிப் போகட்டும். துவாரத்துக்கு நேராக வைத்து உள்ளே பீய்ச்ச வேண்டாம். மலச்சிக்கல் உள்ள சிலர் மலம் இளகட்டும் என்று இப்படிச் செய்வதுண்டு. நாளடைவில் தண்ணீர் பீய்ச்சாமல் மலம் கழியாத நிலைக்கு அது கொண்டுபோகும். உட்சுவரில் காயமும் படலாம். சில விநாடிகள் கழுவினால் போதும், சோப்பு தேவையில்லை. பிறகு மென்மையான துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் அரிப்பு வரும். துடைப்பதற்கு ஒத்துவராத காகிதம் இங்கே உதவுகிறது.

அதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஜெட்டில் கழுவும்போது ரத்தம் தண்ணீரோடு போய்விடும், தெரியாது. ஒற்றிய வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி சிவப்பும் தெரியும். ரத்தம் தொடர்ந்தாலோ, கறுத்து வந்தாலோ, கழிக்கும் பழக்கம் மாறினாலோ மூலம்தானே என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுவும்போது கத்தி கீறுவதுபோல வலித்தால் அது ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். அப்போது ஜெட்டை விட்டுவிட்டு, ஆறும்வரை மக்கில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கழுவுங்கள்.